பதினேழு வெள்ளி

ஜூன் மாதம் என்றாலே எனக்கு ஆகாது. சம்பளக்காரர்கள் மே மாதத்தோடு ஓய்ந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வருவது சொந்தத் தொழில்காரர்கள். லாரிக்காரர், மீன் வியாபாரி, வாழையிலைக் கடைக்காரர் என்று ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். வருடம் முழுவதும் சேர்த்த ரசீதுகளை மைலோ டின்னில் அடைத்துக் கொண்டுவந்து என் மேசைமேல் கவிழ்ப்பார்கள். "மிஸ், சுசா இல்லாம முடிச்சுக் கொடுங்க" என்பார்கள். சிரமம் இல்லாமல் முடிய வேண்டும் என்றால் முன்பே யோசித்திருக்க வேண்டும் என்று நானும் ஒவ்வொரு வருடமும் கத்துகிறேன். யாருக்கும் காதில் ஏறியதில்லை.

சிரம்பானை ஒட்டிய லோபாக்கில் டயர் கடைக்கும் சீனப் பல் மருத்துவருக்கும் நடுவில் என் அலுவலகம். வெளியே பலகையில் 'மரியகொரெட்டி, வருமான வரி, கணக்கு' என்று எழுதியிருக்கிறது. பல் வலியோடு தவறி உள்ளே வந்துவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் முகமும் வரி கட்ட வருகிறவர்கள் முகமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

சுகுமாறன் மைலோ டின் கொண்டுவரவில்லை. அதனாலேயே அவரைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப் போனது. இ.பி.எஃப் என்கிற ஊழியர் சேமநிதியின் ஆண்டு அறிக்கைகளை வருட வாரியாக ஒரு கோப்பில் அடுக்கியிருந்தார். ஐம்பத்து நாலு வயது. போர்டிக்சன் சாலையில் உள்ள தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும் சொந்த லாரி. அதுவரை அவருக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர் சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போய்விட்டாராம். அதனால் முதல் தடவையாக என்னிடம் வந்திருந்தார்.

கூடவே மனைவி ரதி. ஆண்கள் வரிக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு வருவது அபூர்வம். ஆலை வாசலில் காலைப் பசியாறல் விற்கிறார் என்று அவர்தான் சொன்னார். நாசி லெமாக், இட்லி, வடை. நாற்காலியில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிக் கால்களை மெல்ல நீட்டிக்கொண்டார். கணுக்காலுக்கு மேல் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன.

"மிஸ், படிவம் அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் சுகுமாறன். "எனக்கு ரெண்டு விசயம் தெரியணும். மாசா மாசம் அறநூறு வெள்ளி நானா இ.பி.எஃப்ல போட்டுக்கிட்டு வர்றேன். ஒம்பதர வருசமாச்சு. இதனால எனக்கு டெக்ஸ் எவ்ளோ மிச்சம்? அப்புறம், வர்ற நவம்பர்ல எனக்கு அம்பத்தஞ்சு. அதுக்கப்புறம் மாசம் எவ்ளோ கையில வரும்?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். பதில் சொன்னது ரதி.

"கடைய மூடலாமான்னு பாக்கறேங்க்கா. டாக்டர் நிக்காதன்னு சொல்லிட்டாரு. எனக்கு மாசம் நானூறு வெள்ளி வந்தாப் போதும். மருந்து, பஸ்ஸு, கோயிலு, என் செலவு. அது வந்துட்டா டிசம்பரோட மூடிருவேன்."

இப்படித் தெளிவாகக் கேட்கிறவர்கள் எனக்கு வருடத்தில் இரண்டு பேர்கூடக் கிடைப்பதில்லை. மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டுக் கணினியைத் திறந்தேன்.

முதலில் வரி. அவருக்குப் போன வருடம் டீசல், டயர், பழுது எல்லாம் போக ஐம்பத்திரண்டாயிரம் வருமானம். அதில் அவருக்கான ஒன்பதாயிரம், பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்கிற மகனுக்கு எட்டாயிரம், கைப்பேசி, இணையம் போன்றவற்றுக்கு இரண்டாயிரத்து ஐநூறு கழிந்தால் முப்பத்திரண்டாயிரத்து ஐநூறு மிஞ்சும். இந்தத் தொகைக்குத்தான் வரி.

"சேமநிதிக்கு நாலாயிரம் வரைக்கும் கழிவு உண்டு," என்றேன். "உங்களுக்கு லைஃப் இன்சூரன்ஸ் இல்ல. அதனால இன்சூரன்ஸுக்குள்ள மூவாயிரத்தையும் இ.பி.எஃப்ல கூடுதலாப் போட்டதுக்கே எடுத்துக்கலாம். மொத்தம் ஏழாயிரம்."

சுகுமாறனின் முகம் மலர்ந்தது. மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா? நான் சொல்லல? வருசத்துக்கு ஏழாயிரம் மிச்சம்."

இந்த இடத்தில்தான் எனக்கு எரிச்சல் வரும். நெகிரி செம்பிலானில் பாதிப் பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது. மீதிப் பாதி என்னிடம் வந்ததில்லை.

"ஏழாயிரம் மிச்சம் இல்லீங்க. ஏழாயிரத்துக்கு வரி போட மாட்டாங்க, அவ்வளவுதான். அந்த ஏழாயிரத்துக்கு எவ்வளவு வரி வந்திருக்குமோ அதுதான் உங்க மிச்சம்."

கணக்கைத் திரையில் அவர் பக்கம் திருப்பினேன். இ.பி.எஃப்பில் ஒரு காசும் போடாமல் இருந்திருந்தால் அவருக்கு ஐந்நூற்று இருபத்தைந்து வெள்ளி வரி வரும். வரிக்குரிய வருமானம் முப்பத்தையாயிரத்துக்குள் இருக்கிறவர்களுக்கு அரசாங்கம் நானூறு வெள்ளியைத் தள்ளுபடி செய்கிறது. அது போனால் கட்ட வேண்டியது நூற்று இருபத்தைந்து. ஏழாயிரத்தைக் கழித்தால் வரி முந்நூற்றுப் பதினைந்துக்கு இறங்கும். தள்ளுபடி அதையும் விழுங்கிவிடும். கட்ட வேண்டியது சுழி.

"அப்ப மிச்சம்?"

"நூத்தி இருவத்தஞ்சு."

"மாசத்துக்கா?"

"வருசத்துக்கு."

அவர் கோப்பிலிருந்து பழைய வருடங்களை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தேன். சில வருடம் ஐந்து வெள்ளி, சில வருடம் ஒன்றுமே இல்லை. கழிவு இல்லாமலே தள்ளுபடியில் வரி அடிபட்டுப் போயிருந்தது. எந்த வருடமும் நூற்றைம்பதைத் தாண்டவில்லை. பெரிய வருமானக்காரர்களின் வரியைத்தான் இந்தக் கழிவு நன்றாகக் கடிக்கும். லாரிக்காரருக்குக் கொசுக்கடிதான். அதை அவரிடம் அப்படியே சொன்னேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்ததும், சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

"செரி," என்றார். "மாசா மாசம் வர்றத பாருங்க."

ஆண்டு அறிக்கையில் அந்தந்த மாதம் எவ்வளவு விழுந்தது என்று இருக்கும். முன்பு அவர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய காலத்தில் முதலாளி கட்டிய பணத்தைத் தனியே ஒதுக்கிவிட்டு, அவராகப் போட்ட அறுநூறு வெள்ளிகளை மட்டும் எடுத்தேன். ஊரடங்கில் லாரி நின்றபோது ஏழு மாதம் விட்டுப் போயிருந்தது. மற்றபடி ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ஒவ்வொரு வருடத்துக்கும் அந்த வருடம் அறிவித்த இலாப ஈவைப் போட்டுக் கூட்டிக்கொண்டே வந்தேன். எண்பத்து நாலாயிரம் வெள்ளியும் கொஞ்சமும் வந்தது. இந்த இருவருடைய வேலையை நினைத்தபோது அது சின்னத் தொகை அல்ல. வாய்விட்டே பாராட்டினேன்.

"இத அம்பத்தஞ்சுல இருந்து இருவது வருசத்துக்குப் பிரிச்சா, மாசம் முந்நூத்தி அம்பது. மிச்சம் உள்ள பணத்துக்கும் வருசா வருசம் ஈவு வரும் இல்லையா? அது நாலு விழுக்காடுன்னு குறைச்சு வச்சாலும் மாசம் ஐந்நூறு வரைக்கும் எடுக்கலாம். ஈவு கூடலாம், குறையலாம். அதனால முந்நூத்தி அம்பதுக்கும் ஐந்நூறுக்கும் நடுவுலன்னு வச்சுக்குங்க."

"சாகற வரைக்கும்தானே?" என்றார் சுகுமாறன்.

"இல்ல. தீர்ற வரைக்கும்."

இதையும் நான் பலருக்கு விளக்கியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் எட்வர்ட் போர்டிக்சன் முகாமில் இராணுவத்தில் இருந்தவர். அவருக்கு வருவது பென்ஷன். மூச்சு இருக்கும்வரை வரும். சேமநிதி அப்படி இல்லை. அது நாம் போட்ட பணம். மாதாமாதம் வருகிற மாதிரி எழுதிக் கொடுக்கலாம், ஆனால் தொட்டி காலியானால் குழாயும் நின்றுவிடும். ஐந்து வருடம் தொடாமல், தொடர்ந்து போட்டுக்கொண்டும் இருந்தால் அறுபதில் கிட்டத்தட்ட இரு மடங்காக எடுக்கலாம் என்றும் சொன்னேன்.

சுகுமாறன் தலையாட்டிக்கொண்டிருந்தார். ரதி விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார்.

"அக்கா, இதுல என் பேர்ல எவ்ளோ?"

"உங்க அறிக்கை கொண்டு வந்திருக்கீங்களா?"

"எல்லாம் அதுலதான் இருக்கு. நான் மாசம் முந்நூறு கொடுப்பேன். அவரு முந்நூறு. ரெண்டும் சேத்துதான் அறநூறு."

நான் கோப்பை மறுபடி புரட்டினேன். புரட்டத் தேவையே இல்லை. எல்லாத் தாளிலும் ஒரே பெயர், ஒரே உறுப்பினர் எண். சுகுமாறனைப் பார்த்தேன்.

"ஒரே எடத்துல போட்டா என்னா, ரெண்டு எடத்துல போட்டா என்னா?" என்றார் அவர். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. "நான் என்ன ஓடியா போயிருவேன்? அவளுக்கு டெக்ஸே கெடையாது மிஸ். அவ பேர்ல போட்டா கழிவு வேஸ்ட் லா. என் பேர்ல போட்டா டெக்ஸ் மிச்சம். அதுக்காகத்தான் போட்டேன்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. உண்மையாகவே புத்திசாலித்தனம் என்று நம்பித்தான் செய்திருக்கிறார். எங்கள் ஆட்களிடம் இது ஒரு வழக்கம். வீடு, லாரி, தண்ணீர் பில், கோயில் சந்தா எல்லாம் ஆம்பிளை பெயரில். யாரும் உட்கார்ந்து யோசித்து அப்படிச் செய்வதில்லை. ஆனால் யோசிக்காமல் செய்வதற்குத்தான் விலை அதிகம்.

ரதி கணவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அக்கா, பாதியப் பிரிச்சு என் பேர்ல போட்டிருந்தா அவருக்கு டெக்ஸ் எவ்ளோ கூடியிருக்கும்?"

எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்தது. சுகுமாறன் பெயரில் வருடத்துக்கு மூவாயிரத்து அறுநூறு மட்டும் என்று மாற்றிப் போட்டேன். வரி நானூற்றுப் பதினேழு வந்தது. தள்ளுபடி நானூறு.

"பதினேழு வெள்ளி," என்றேன்.

பக்கத்துக் கடையில் டயருக்குக் காற்று அடிக்கும் சத்தம் வந்தது.

பாதியில் நிறுத்துவது என் சுபாவம் இல்லை. மீதியையும் சொன்னேன். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் இ-சாரான் திட்டத்தில் பதிந்துகொண்டு போட்டால், போட்ட பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை அரசாங்கம் ஊக்கத்தொகையாகச் சேர்க்கிறது. ஆனால் ஓர் ஆளுக்கு வருடத்துக்கு ஐந்நூறுதான் உச்சம். இரண்டாயிரத்து ஐந்நூறு போட்டாலே அந்த உச்சம் வந்துவிடும். சுகுமாறன் ஏழாயிரத்து இருநூறு போட்டும் ஐந்நூறுதான் வந்தது. இரண்டு பெயரில் பிரித்திருந்தால் இரண்டு ஐந்நூறு.

"முன்னயெல்லாம் உச்சம் கொறைவு. எல்லா வருசத்தையும் கூட்டினா, அவங்க பேருக்கு வர வேண்டிய ஊக்கத்தொகை ரெண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல போயிருச்சு. அது இனி வராது."

"பதினேழு வெள்ளிக்கா?" என்றார் ரதி.

அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. கோபம் குரலில் மெதுவாகத்தான் வந்தது.

"எங்கம்மா தோட்டத்துல ரப்பர் பால் மரம் வெட்டுனாங்க. சம்பள நாளுல கணக்கு எழுதற கிராணி எங்கப்பா கையிலதான் காசக் கொடுப்பாரு. அம்மா பின்னால நிப்பாங்க. நான் சின்னப் புள்ளையில அதப் பாத்துட்டு, எனக்கு இது வேணாம்னு நெனச்சேன். இப்ப நானே கொண்டாந்து கொடுத்திருக்கேன். ஒம்பதர வருசம். கிராணியே தேவப்படல."

"ரதி, என்னா பேசற? மிஸ் முன்னால..."

"மிஸ் முன்னாலதான் பேசணும். வீட்டுல பேசுனா நீங்க டீவி சத்தத்தக் கூட்டுவீங்க."

கைப்பையைத் திறந்தார். ஒரு பத்து வெள்ளி, ஒரு ஐந்து வெள்ளி, இரண்டு ஒரு வெள்ளி. நாசி லெமாக் விற்ற காசு. மிளகாய்ச் சம்பல் வாசம்கூட இருந்தது. மேசைமேல் கணவருக்கு முன்னால் வரிசையாக வைத்தார்.

"இந்தாங்க. ஒங்க டெக்ஸ நான் கட்டிட்டேன். என் பங்க என் பேருக்கு மாத்துங்க."

சுகுமாறன் அந்தத் தாள்களைத் தொடவில்லை. அவர் காது சிவந்திருந்தது. "லாரிய வெயில்ல விட்டுட்டு வந்துட்டேன்" என்று எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து ரதி பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். பணம் மேசையிலேயே கிடந்தது. நான் அதைப் படிவத்தோடு சேர்த்துக் கோப்பில் வைத்து, மறுநாள் கையெழுத்துப் போட வந்த சுகுமாறனிடம் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் ரதி மட்டும் பஸ்ஸில் வந்தார். நான் சொல்லியிருந்தபடி சிரம்பானில் சேமநிதி அலுவலகத்துக்குப் போய், கட்டைவிரல் ரேகை வைத்து, கைப்பேசியில் கணக்கைத் திறந்துகொண்டு வந்திருந்தார். இ-சாரானிலும் பதிந்துவிட்டார்.

"அக்கா, புதுசா அக்கௌண்டு போடணும்னு நெனச்சேன். அங்க உள்ள பொண்ணு, உங்களுக்கு ஏற்கெனவே இருக்குங்கறா. தப்பா பாக்கறீங்கன்னு சொன்னேன்."

கைப்பேசியை என்னிடம் நீட்டினார். பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்.

எனக்கும் முதலில் புரியவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடித்திருக்கிறார். தோளில் மருந்து டின். மாதம் இருநூற்றைம்பது வெள்ளி சம்பளம். அப்போது தோட்டமும் அவரும் சேர்ந்து கட்டிய பணம் மொத்தமே இரண்டாயிரம் வெள்ளிதான் இருக்கும். முப்பது வருடம் யாரும் அதைத் தேடவில்லை, கேட்கவில்லை, எடுக்கவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது.

"இது என்னோடதா?"

"முழுக்க உங்களோடது."

ரதி திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "மருந்து டின்னு தூக்கித் தூக்கித்தான் தோளு இப்படி எறங்கிப் போச்சு," என்றார். பிறகு சிரித்தார். அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

ஆனால் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ரதிக்கு வயது ஐம்பத்தொன்று. சுகுமாறன் தன் கணக்கிலிருந்து அவருடைய பங்கை எடுத்து அவர் பெயரில் போட்டாலும், பத்தில் ஒரு பங்கைத்தான் ரதி நினைத்தபோது எடுக்கலாம். மீதி ஐம்பத்தைந்து வயதுவரை பூட்டித்தான் இருக்கும். சுகுமாறன் கணக்கிலேயே கிடந்தால் நவம்பர் முதலே எடுக்கலாம். டிசம்பரில் கடையையும் மூடலாம்.

"ஆக, உங்க பேருக்கு மாத்தினா நானூறு வெள்ளிக்கு இன்னும் நாலு வருசம் காத்திருக்கணும்," என்றேன். "அந்தப் பாதி, இந்தப் பழைய பணம், நீங்க மாசம் போடப் போற முந்நூறு, ஊக்கத்தொகை எல்லாம் சேந்தா அம்பத்தஞ்சுல எண்பதாயிரத்துக்கு மேல வரும். மாசம் முந்நூத்தி அம்பதுல இருந்து ஐந்நூறு. உங்க நானூறு அதுக்குள்ள வந்துரும். ஆனா அதுவரைக்கும் நிக்கணும். உங்க காலு..."

"அவரும் இதத்தான் சொல்றாரு. என் பேர்லயே இருக்கட்டும், மாசா மாசம் நான் எடுத்துத் தர்றேன்னு."

"அது தப்பான யோசனை இல்ல, ரதி. கணக்குப்படி பாத்தா..."

"கணக்குப்படி சரிதாங்க்கா." கால்களைச் செருப்புக்குள் நுழைத்தார். "ஆனா மாசா மாசம் அவரு முன்னால கைய நீட்டணும். கைய நீட்டறதுக்குப் பதிலா இன்னும் நாலு வருசம் நின்னுட்டுப் போறேன்."

மாதாமாதம் அவர் பெயரில் எப்படிக் கட்டுவது என்று கைப்பேசியில் காட்டிக் கொடுத்தேன். அந்த மாதத்திலிருந்து ரதி தன் முந்நூறைத் தன் பெயரிலேயே போட ஆரம்பித்தார். சுகுமாறனிடமிருந்து மட்டும் பேச்சு மூச்சு இல்லை.

நவம்பர் நடுவில் ஒரு நாள் மத்தியானம், நல்ல மழை. லாரியை டயர் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டுச் சுகுமாறன் உள்ளே வந்தார். சட்டையில் செம்பனைச் சாறு காய்ந்திருந்தது. நின்றுகொண்டே பேசினார்.

"அம்பத்தஞ்சு ஆயிருச்சு மிஸ். எடுத்தா டெக்ஸ் வருமா?"

"அம்பத்தஞ்சுல எடுக்கற சேமநிதிக்கு வரி இல்ல."

"பாதிய எடுத்து அவ பேர்ல போட்டா எனக்கு மாசம் எவ்ளோ கொறையும்?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மறுபடி கணக்குப் போட்டேன். அவர் பங்குக்கு மாதம் நூற்றெழுபத்தைந்திலிருந்து இருநூற்றைம்பதுக்குள் வரும். தோட்டத்துப் பழைய பணம் தனி. ஆனாலும் அந்த அறுநூறு வெள்ளிகளை நம்பி அவர் மனதில் கட்டி வைத்திருந்த மாதத் தொகை பாதியாகக் கரைந்துவிடும். லாரியை நிறுத்த முடியாது. அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "ரெண்டு மூணு மாசமா லாரில அதத்தான் ஓட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன். அவ காலையில பானையத் தூக்கறத தெனமும் பாக்கறேன் மிஸ். அன்னிக்கப்புறம் அவ எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. கேட்டாக்கூடப் பரவால்ல. சண்டயாவது போடலாம்."

முகத்திலிருந்த மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப பானைய நான்தான் ஏத்தி எறக்கறேன். அதுக்கும் ஒண்ணும் சொல்லல. சாப்பாடு மட்டும் போடறா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, பணத்தை எப்படி எடுப்பது, ரதியின் கணக்கில் எப்படிப் போடுவது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்து வாங்கிக்கொண்டு மழையிலேயே போனார்.

டிசம்பர் முதல் வாரத்தில் இருவரும் சேர்ந்து வந்தார்கள். நான் கேட்காமலே ரதி கைப்பேசியை மேசைமேல் வைத்தார். அதில் ஒன்றை என்னிடம் விசாரிக்கத்தான் வந்திருக்கிறார்.

"அக்கா, பாதின்னா நாப்பத்தி ரெண்டாயிரம்தானே? இது தப்பா விழுந்திருக்கு. இவரு வாயத் தெறக்க மாட்டேங்கறாரு. பேங்க்ல போய்க் கேக்கணுமா?"

பார்த்தேன். ரதியின் பெயர், ரதியின் எண். நாற்பத்திரண்டாயிரத்துப் பதினேழு வெள்ளி.

சுகுமாறன் வெளியே டயர் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பா விழல," என்றார் திரும்பாமலே. "அன்னிக்கு நீ மேசையில வச்ச காச லாரி டேஷ்போர்டுலயே வச்சிருந்தேன். செலவு பண்ண மனசு வரல. அதுவும் உன் காசுதானே."

ரதி கைப்பேசியை எடுத்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு அதைப் பைக்குள் வைத்தார். பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைக் காலால் இழுத்து அவர் பக்கம் தள்ளினார்.

"நின்னுக்கிட்டே இருக்காதீங்க," என்றார். "உக்காருங்க."